வேற்று மத நண்பருக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரும்பாலானோர் முதலில் படத்தைத் தேடுகிறார்கள், பிறகு வாசகத்தை ஒட்டுகிறார்கள், எந்த நாள் என்பதைக் கடைசியில் பார்க்கிறார்கள். தவறுகளில் பாதி இந்த வரிசையால்தான் வருகிறது. நாளின் தன்மை, நண்பரின் நிலை, பெயர், நேரம் ஆகிய நான்கும் முடிவான பிறகு எழுத உட்கார்ந்தால் வாசகம் இரண்டு நிமிட வேலை.

இங்கே நோன்புப் பெருநாளை முழு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தவறு நேர அதிக இடமுள்ள நாள் அது. கிறிஸ்தவ, இந்துப் பண்டிகைகள் தேவைப்படும் இடங்களில் வரும்.

## 1. அது வாழ்த்துக்குரிய நாளா என்று முதலில் பாருங்கள்

நாட்காட்டியில் விடுமுறை என்று இருந்தாலே அது கொண்டாட்ட நாளாகிவிடாது. வருந்தும் நாள், இறந்தவரை நினைக்கும் நாள், பட்டினி கிடந்து வேண்டும் நாள் என்று எல்லா மதத்திலும் உண்டு. அந்த நாட்களில் ‘இனிய’, ‘மகிழ்ச்சியான’, ‘ஹேப்பி’ என்ற சொற்களே பிழை.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் புனித வெள்ளி. இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் நாள் அது. ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’ என்று அனுப்புவது துக்க வீட்டு வாசலில் நின்று வாழ்த்துச் சொல்வதற்குச் சமம். பெயரில் ‘குட்’ இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நவம்பர் 2 அன்று வரும் கல்லறைத் திருநாளும் அப்படித்தான். பெயரில் திருநாள் என்று இருக்கிறது, ஆனால் கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக மன்றாடும் நாள். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் மகாளய அமாவாசைக்கு வாழ்த்துப் படம் அனுப்புவதும் இதே வகைத் தவறு.

முஹர்ரம் இன்னும் சிக்கலானது. முஹர்ரம் முதல் நாள் இஸ்லாமியப் புத்தாண்டு. பத்தாம் நாள் ஆஷூரா. கி.பி. 680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைத்து ஷியா முஸ்லிம்கள் அன்று துக்கம் காக்கிறார்கள். சுன்னி முஸ்லிம்களில் பலர் அதே நாளில், மூஸா நபி காப்பாற்றப்பட்டதை நினைத்து நோன்பு வைக்கிறார்கள். விடுமுறைப் பட்டியலில் ‘மொஹரம்’ என்று குறித்திருப்பது பெரும்பாலும் இந்தப் பத்தாம் நாளைத்தான். ‘ஹேப்பி மொஹரம்’ இரண்டு தரப்புக்கும் பொருந்தாது. நண்பர் எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் அன்று எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்பாததை ஒருவரும் குறையாக நினைக்கப்போவதில்லை. தவறாக அனுப்பியது மட்டும் நினைவில் நிற்கும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த நாளில் என்ன நடந்தது, அல்லது அன்று என்ன செய்கிறார்கள் என்பதை ஒரே வரியில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் நீங்கள் இன்னும் அனுப்பத் தயாராகவில்லை.

## 2. நண்பர் அதைக் கொண்டாடுபவரா, இந்த ஆண்டு கொண்டாடுகிறாரா

பெயரைப் பார்த்து மதத்தையும், மதத்தைப் பார்த்து பண்டிகையையும் ஊகிப்பது அடுத்த வழுக்கல். யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை, பிறந்தநாளும் கொண்டாடுவதில்லை. மீலாது நபியை விழாவாகக் கொண்டாடும் முஸ்லிம்களும் உண்டு, அது கூடாது என்று உறுதியாக நம்பும் முஸ்லிம்களும் உண்டு. கிறிஸ்தவப் பெயர் வைத்திருப்பவர் கடவுள் நம்பிக்கையே இல்லாதவராகவும் இருக்கலாம்.

இதற்காக விசாரணை நடத்த வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அவரே அந்த நாளைப் பற்றிப் பேசினாரா, விடுப்பு எடுத்தாரா, மற்றவர்களின் வாழ்த்துக்கு எப்படிப் பதில் சொன்னார் என்று நினைத்துப் பார்த்தாலே போதும். எதுவும் நினைவில்லை என்றால் நேராகக் கேட்டுவிடலாம்: “வீட்டில் மீலாது கொண்டாடுவீர்களா?” பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு கேட்டால் இது சாதாரணக் கேள்வி. அன்று காலையில் கேட்டால் சங்கடம்.

அந்த வீட்டில் அண்மையில் யாராவது இறந்தார்களா என்பதையும் பாருங்கள். இறப்பு நடந்த பல இந்து வீடுகளில் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடுவதில்லை. அங்கே ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்று போய் விழுந்தால் நண்பர் விளக்கம் சொல்லியாக வேண்டும். “பண்டிகை நாளில் உன்னையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன்” என்ற வரி அந்த நிலையில் சரியாக இருக்கும்.

## 3. நாளின் பெயரை அவர்கள் சொல்வதுபோல் சொல்லுங்கள்

ரமலான் என்பது மாதத்தின் பெயர். அந்த மாதம் முழுவதும் நோன்பு இருந்து, அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் நாளில் வருவதுதான் ஈதுல் ஃபித்ர். தமிழ் முஸ்லிம்கள் அதை நோன்புப் பெருநாள் என்பார்கள். ஈகைத் திருநாள் என்ற பெயரும் உண்டு. ‘ரம்ஜான் பண்டிகை’ என்று பொதுவில் சொல்லிப் பழகிவிட்டதால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் ‘பெருநாள் வாழ்த்துகள்’ என்று வரும்போது, எழுதியவர் கொஞ்சம் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்பது உடனே தெரியும்.

இதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. ரமலான் மாதம் தொடங்கும் நாளில் அனுப்புவது ஒரு வாழ்த்து, முடிந்த பின் அனுப்புவது வேறு வாழ்த்து. ‘ஹேப்பி ரம்ஜான்’ என்று மட்டும் எழுதினால் எதற்கு என்றே தெரியாது. மாதத் தொடக்கத்துக்கு ‘ரமலான் முபாரக்’, பெருநாளுக்கு ‘ஈத் முபாரக்’. முபாரக் என்றால் அருள் நிறைந்தது என்று பொருள். ‘ரமலான் கரீம்’ என்பதும் பரவலாக இருக்கிறது, ஆனால் அந்தச் சொற்சேர்க்கையை ஏற்காதவர்கள் முஸ்லிம்களிலேயே உண்டு. முபாரக்கில் அந்தத் தகராறு இல்லை என்பதால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

துல்ஹஜ் 10ஆம் நாள் வருவது ஹஜ்ஜுப் பெருநாள். பக்ரீத், தியாகத் திருநாள் என்பதும் அதுதான். அன்றைக்கும் ‘ஈத் முபாரக்’ பொருந்தும். எந்தப் பெருநாள் என்று குழம்பினால் ‘பெருநாள் வாழ்த்துகள்’ என்பது இரண்டுக்கும் சரி.

கிறிஸ்தவர்களிடையேயும் சொல் மாறும். கத்தோலிக்கர்கள் ‘உயிர்ப்புப் பெருவிழா’ என்பதைப் பிற சபையார் பலர் ஈஸ்டர் என்றே சொல்வார்கள். நண்பர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

## 4. தேதியை உறுதிசெய்யுங்கள், தானியங்கியாக அனுப்பாதீர்கள்

இஸ்லாமிய மாதம் பிறை பார்த்துத் தொடங்குகிறது. மாதத்துக்கு 29 அல்லது 30 நாள், ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அதனால் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்கிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக ரமலான் இரண்டு முறை பிறக்கும். போன ஆண்டுத் தேதியை நம்பி இந்த ஆண்டு அனுப்ப முடியாது என்பது இதிலேயே தெரியும்.

நோன்புப் பெருநாளில் இன்னொரு நுணுக்கம். 29ஆம் நோன்பின் மாலை சூரியன் மறைந்ததும் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு இருக்கிறது. அச்சிட்ட நாட்காட்டித் தேதி ஊகம்தான். நாட்டுக்கு நாடு ஒரு நாள் தள்ளிப்போவதும் வழக்கம். முந்தைய நாளே குறித்து வைத்த தானியங்கி வாழ்த்து, நண்பர் 30ஆம் நோன்பில் இருக்கும்போது ‘ஈத் முபாரக்’ என்று போய் நிற்கும். நண்பர் இருக்கும் நாட்டின் அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். அறிவிப்பு வந்த இரவிலேயே அனுப்பலாம், ஏனென்றால் இஸ்லாமிய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது.

ஹஜ்ஜுப் பெருநாளில் இந்தப் பதற்றம் இல்லை. மாதப் பிறையைப் பார்த்த பிறகு பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் ஒன்பது நாள் முன்பே தேதி தெரிந்துவிடும்.

காலையில் தொலைபேசியில் அழைக்க நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். பெருநாள் தொழுகை சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில் நடக்கும். அந்த நேரத்தில் வீடே புறப்பட்டுக்கொண்டிருக்கும். செய்தி என்றால் எப்போதும் போகலாம், குரல் என்றால் நண்பகலுக்கு மேல். நாள் தவறிவிட்டாலும் பரவாயில்லை, மறுநாளோ அதற்கு மறுநாளோ சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஒரு ஞாயிறு. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் வேறு கணக்கில் போகின்றன. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தன. 2026இல் மேற்கத்திய சபைகளுக்கு ஏப்ரல் 5, ஆர்த்தடாக்ஸுக்கு ஏப்ரல் 12. இங்கே மிகவும் மோசமான தவறு, நீண்ட விடுமுறையை நினைத்து வெள்ளிக்கிழமையே ‘அட்வான்ஸ் ஈஸ்டர் வாழ்த்து’ அனுப்புவது. அன்றுதான் அவர்கள் இயேசுவின் மரணத்தை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

## 5. வாழ்த்து வேறு, வேண்டுதல் வேறு, நம்பிக்கை அறிக்கை வேறு

நல்லெண்ணத்தோடு எழுதுபவர்களே அதிகம் தடுமாறும் இடம் இது. நண்பர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் சொற்களைக் கேட்டு, ‘இப்படிச் சொன்னால் நெருக்கமாக இருக்கும்’ என்று அப்படியே எடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் சொற்களில் சில வாழ்த்தே இல்லை.

பெருநாளன்று முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் ‘தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்’ என்பதைப் பாருங்கள். எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்பது பொருள். ‘மின்னா’ என்ற சொல்லில் பேசுகிறவரும் இருக்கிறார். அதாவது இருவரும் நோன்பும் தொழுகையும் செலுத்தியவர்கள், அது ஏற்கப்பட வேண்டும் என்று இருவருமாக வேண்டுகிறார்கள். நோன்பே இல்லாத நீங்கள் அதைச் சொன்னால் செய்யாத ஒன்றுக்குப் பங்கு கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. நண்பர் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இருந்தாலும் அது உங்கள் வாயில் பொருந்தாத சொல்.

ஈஸ்டரிலும் இப்படி ஒன்று உண்டு. ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்று ஒருவர் சொல்ல, ‘மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்’ என்று மற்றவர் பதில் சொல்வார். அது நம்பிக்கை அறிக்கை. நம்பாதவர் அதைத் தொடங்கிவைத்தால் நடிப்பாகத் தெரியும். அவர் சொல்லி, நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால் “உங்களுக்கு ஈஸ்டர் வாழ்த்துகள்” என்றாலே போதும்.

ஆகவே விதி எளிது. நாளின் பெயரைச் சொல்லி வாழ்த்தலாம். நண்பருக்கு நல்லது நடக்கட்டும் என்று உங்கள் சொந்தச் சொற்களில் விரும்பலாம். அவருடைய கடவுளிடம் அவருக்காக நீங்கள் வேண்டுவதும், அவருடைய நம்பிக்கையை நீங்கள் அறிக்கையிடுவதும் உங்களுக்கு உண்மையாக இருந்தால் மட்டுமே. ‘ஈத் முபாரக்’ வாழ்த்து மட்டுமே என்பதால் அதை யாரும் சொல்லலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பது. “எல்லாக் கடவுளும் ஒன்றுதான்” என்பது உங்களுக்குப் பெருந்தன்மையான கருத்தாக இருக்கலாம். இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை இல்லை என்பதை நம்பிக்கையின் முதல் வரியாகக் கொண்டவருக்கு, அல்லாஹ்வையும் மற்ற பெயர்களையும் வரிசையாக அடுக்கிய வாழ்த்து, அவர் நம்புவது முக்கியமில்லை என்று சொல்வதாகவே கேட்கும். கருத்தை விவாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாழ்த்தில் வேண்டாம்.

தமிழுக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. நண்பரின் தந்தைக்கு எழுதும்போது ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று மரியாதைக்குச் சேர்ப்போம். வணக்கம் இறைவனுக்கு மட்டுமே உரியது என்று கருதும் முஸ்லிம்களுக்கு இது நெருடும். கிறிஸ்தவர்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. “ஐயா, உங்களுக்கும் வீட்டில் அனைவருக்கும் பெருநாள் வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்” என்றால் மரியாதையும் குறையாது, நெருடலும் இல்லை.

## 6. நோன்பு மாதத்தில் கேட்கக் கூடாத கேள்வி

பெருநாளுக்கு முன் ஒரு மாதம் இருக்கிறதே, அதில் பலர் தடுக்கி விழும் கேள்வி “நீ இன்று நோன்பா?” என்பது. நோயாளிகள், பயணத்தில் இருப்பவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள் நோன்பைத் தள்ளிவைக்க இடம் உண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு இருப்பதில்லை. நாலு பேர் முன்னால் இந்தக் கேள்வி வந்தால், ஒரு பெண் பொய் சொல்ல வேண்டும் அல்லது சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டும்.

“தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாயா? பாவம்!” என்பதும் வேண்டாம். அவர் விரும்பி ஏற்றதை நீங்கள் தண்டனையாக்கிவிடுகிறீர்கள். “எடை குறையுமே, நல்லதுதான்” என்பது அதைவிட மோசம்.

மாதத் தொடக்கத்தில் ஒரு முறை “ரமலான் முபாரக். இந்த மாதம் உனக்கு நல்லபடியாக அமையட்டும்” என்று அனுப்பினால் போதும். அவர் நோன்பு இருக்கிறாரா இல்லையா என்பது இதில் எங்கும் வரவில்லை.

## 7. ஒரு வாழ்த்தைத் திருத்திப் பார்ப்போம்

கூடப் படித்த தோழிக்கு, நீ, வா என்று பேசும் பழக்கம் உள்ளவருக்கு, எழுதிய முதல் வரைவு இது:

“ஹேப்பி ரம்ஜான்! உங்கள் ஆட்களுக்கெல்லாம் வாழ்த்து. எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது. தகப்பலல்லாஹு மின்னா வமின்கும். விருந்து எப்போது?”

ஒவ்வொன்றாக எடுப்போம். ‘ஹேப்பி ரம்ஜான்’ மாதத்தையும் பெருநாளையும் குழப்புகிறது. அது ‘பெருநாள் வாழ்த்துகள்’ ஆகட்டும்.

‘உங்கள் ஆட்கள்’ என்பதுதான் இதில் உண்மையான காயம். தோழிக்கு எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென ஒரு கூட்டத்துக்குப் பேசத் தொடங்கிவிட்டார். ‘உங்கள் பண்டிகை’ என்பதிலும் இந்தச் சாயல் உண்டு. அந்த இடத்தில் ‘வீட்டில் எல்லோருக்கும்’ என்று போடுங்கள். அம்மாவையோ தங்கையையோ தெரியும் என்றால் அவரைக் குறிப்பிடுவது இன்னும் நல்லது.

மத ஒற்றுமை வரி மேடைப் பேச்சு. தோழியை ஒரு கொள்கைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. எடுத்துவிடலாம். அரபு வேண்டுதல் ஏன் பொருந்தாது என்று மேலே பார்த்தோம், அந்த இடத்தில் ‘ஈத் முபாரக்’ வரட்டும்.

‘விருந்து எப்போது?’ என்பது நட்பைப் பொறுத்தது. ஆண்டுதோறும் அவர் வீட்டில் சாப்பிடுகிறவர் கேட்டால் அது உரிமை. அப்படி இல்லாதவர் கேட்டால், தன்னை அழைக்கச் சொல்லி நெருக்குவதாகிவிடும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் வரைவு: “பெருநாள் வாழ்த்துகள். ஈத் முபாரக்! ஒரு மாதம் நோன்பிருந்து பெற்ற நாள், உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கட்டும்.”

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ‘ஒரு மாதம் நோன்பிருந்து’ என்பது அவர் இருந்தார் என்று எடுத்துக்கொள்கிறது. ஆறாம் பகுதியில் சொன்ன காரணங்களால் அது உண்மையாக இல்லாமல் போகலாம். உறுதியாகத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீக்குங்கள்.

அனுப்பக்கூடிய வடிவம்: “பெருநாள் வாழ்த்துகள். ஈத் முபாரக்! உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் இன்று மகிழ்ச்சியாக அமையட்டும். அம்மாவைக் கேட்டதாகச் சொல். அடுத்த வாரம் பேசுவோம்.”

கடைசி இரண்டு வரிகளும் மதத்தைப் பற்றியவை அல்ல. நூறு பேருக்கு அனுப்பிய வாழ்த்திலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது அவைதான்.

## 8. படம் சேர்ப்பதென்றால்

சேர்க்காமலிருப்பதே நல்லது. சேர்த்தால் மூன்றைக் கவனியுங்கள். நபிகளைச் சித்திரிக்கும் எந்தப் படமும் கூடாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு ஓடுவதுபோன்ற நகைச்சுவைப் படம் வேண்டாம், அன்று நடப்பது வழிபாட்டின் பகுதி. மூன்று மதச் சின்னங்களும் கைகோக்கும் படம் ஐந்தாம் பகுதியில் சொன்ன கலப்புத்தான்.

படத்தில் அரபு எழுத்து இருந்தால் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அரபு வலமிருந்து இடமாகப் போகும், எழுத்துகள் கோத்து நிற்கும். அரபுக்கு வசதி இல்லாத மென்பொருளில் ஒட்டும்போது எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். ‘ஈத்’ என்ற சொல்லுக்கு அரபில் மூன்று எழுத்து. மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். பிரிந்து நின்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

## 9. தவறாகப் போய்விட்டால்

அனுப்பிய செய்தியைச் சில நிமிடங்களுக்குள் திருத்த முடிந்தால் திருத்துங்கள். நண்பர் பார்த்த பிறகு அழிக்காதீர்கள். அழித்த தடம் இருக்கும், என்ன எழுதியிருந்தீர்கள் என்பது முன்பைவிடப் பெரிதாகும்.

ஒரே வரியில் ஒப்புக்கொள்ளுங்கள்: “இன்று துக்க நாள் என்று தெரியாமல் வாழ்த்து அனுப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்.” அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீளமாக மன்னிப்புக் கேட்டால் அந்த நாளில் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். ‘எனக்கு எல்லா மதமும் பிடிக்கும்’ என்று சான்றிதழ் சேர்க்கவும் வேண்டாம்.

பலர் இருக்கும் குழுவில் தவறு நடந்திருந்தால் குழுவில் ஒரு வரி, அவருக்குத் தனியாக ஒரு வரி. அவர் விளக்கம் எழுதினால் படித்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்தத் தேதிக்கு எதிரே என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.